மண்ணுள் மறைந்த மகள்: பருவத் தொன்மம் ஒன்றும் அதன் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

புனே நகர வீடுகளில் ஆண்டுதோறும் பாத்ரபத மாதத்தில், விநாயகர் சதுர்த்திக்குச் சில நாள்கள் கழித்து, கௌரி வருகிறாள். அனுஷ நாளில் அவளை அழைத்து வந்து, கேட்டை நாளில் வழிபட்டு, மூல நாளில் வழியனுப்புவர். அவள் புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டிற்கு வரும் மகள் என்பது மராத்தியர் நம்பிக்கை. மழைக்காலம் முடியும் தறுவாயில், வயல்கள் பசுமை கொண்டிருக்கும் வேளையில், இவ்வருகை நிகழ்கிறது.

மகளின் வரவையும் பிரிவையும் பயிரின் வாழ்வோடு இணைத்துக் காணும் தொன்மங்களுள் உலகெங்கும் அறியப்பட்டது கிரேக்கரின் டிமீட்டர் கதை. தானியத் தெய்வமான டிமீட்டரின் மகள் பெர்செபொனியைக் கீழுலகின் தலைவன் ஹேடிஸ் கவர்ந்து செல்கிறான். தாயின் துயரத்தால் நிலம் விளைவற்றுப் போகிறது. மகள் ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் மேலுலகிற்கு மீள்கிறாள். இக்கதையைச் சுருக்கிக் கூறுவோர், "மகள் கீழே இருக்கும் காலம் குளிர்காலம், அவள் மீளும் காலம் வசந்தம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவர். இந்திய மொழிகளில் வழங்கும் சுருக்கங்களும் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றன.

மூலநூல் இவ்வளவு எளிய விடையைத் தரவில்லை. மகள் மறைந்திருக்கும் பருவம் எது, அந்த மறைவு அழிவா சேமிப்பா என்னும் இரு வினாக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் அளிக்கும் விடையே வளர்ச்சியையும் தேய்வையும் பற்றிய தொன்மத்தின் பார்வையைத் தீர்மானிக்கிறது. இவ்விரு வினாக்களையும் தமிழ், மராத்திச் சொற்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மூலநூல் கூறுவது

இக்கதையின் முழுமையான பழைய வடிவம் ஹோமரின் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களுள் ஒன்றான டிமீட்டர் துதியாகும். 495 அடிகள் கொண்ட இப்பாடலின் ஏட்டை 1777இல் மாஸ்கோவில் மத்தாயி என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டெடுத்தார். அவ்வேடு இன்று நெதர்லாந்தின் லைடன் நகரில் உள்ளது.

மலர் பறித்துக்கொண்டிருந்த மகளை, நிலம் பிளந்து வெளிப்பட்ட ஹேடிஸ் தேரிலேற்றிச் செல்கிறான். மகளின் தந்தையான சீயஸ் இதற்கு முன்பே இசைந்திருக்கிறான். தாய்க்கு மட்டும் செய்தி தெரியாது. தீவட்டி ஏந்தி ஒன்பது நாள் உண்ணாமல் தேடிய டிமீட்டர், நடந்ததைக் கதிரவனிடமிருந்து அறிகிறாள். தேவர் கூட்டத்தை வெறுத்து, முதியவள் உருவில் எலூசிஸ் ஊரை அடைந்து, அரசன் வீட்டுக் குழந்தைக்குச் செவிலியாகிறாள். அக்குழந்தையை இரவுதோறும் நெருப்பில் புதைத்து இறவாமை அளிக்க முயல்கிறாள்; குழந்தையின் தாய் அதைக் கண்டு அலறியதால் முயற்சி தடைப்படுகிறது. பின்னர் தனக்கென எழுப்பிய கோயிலில் தனித்தமர்ந்து, நிலத்தில் விழுந்த விதை முளைக்காதபடி மறைத்து வைக்கிறாள். எருதுகள் வீணே ஏர் இழுக்கின்றன; வாற்கோதுமை வீணே நிலத்தில் விழுகிறது. மனித இனம் பசியால் அழியும் நிலையும், தேவர்கள் படையல் இழக்கும் நிலையும் உருவாகின்றன.

இறுதியில் சீயஸ் இறங்கி வருகிறான். ஹேடிஸ் பெர்செபொனியை அனுப்புகிறான். ஆனால் புறப்படுமுன் அவளுக்கு ஒரு மாதுளை முத்தை உண்ணக் கொடுத்துவிடுகிறான். கீழுலகில் உண்டவள் முழுமையாக மீளவியலாது. எனவே ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு கீழேயும், எஞ்சிய இரு பங்கு தாயோடும் பிற தேவரோடும் இருப்பது என முடிவாகிறது. நிலத்தில் இளவேனில் மலர்கள் பூக்கும்போது அவள் இருளிலிருந்து எழுந்து வருவாள் என்று துதி கூறுகிறது.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, பஞ்சம் ஒரே ஒருமுறை நிகழ்ந்த நிகழ்ச்சி. உடன்பாட்டிற்குப் பின் மகள் கீழே செல்லும் ஒவ்வோராண்டும் தாய் நிலத்தை வறளச் செய்கிறாள் என்று துதி எங்கும் கூறவில்லை. இரண்டாவது, மகள் இல்லாத பங்கு இன்ன பருவம் என்று பெயர் சுட்டப்படவில்லை. மீளும் பருவம் மட்டுமே கூறப்படுகிறது. "அவள் சென்றதால் குளிர்காலம் உண்டாயிற்று" என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், மூலத்தில் இல்லாத ஒரு சொல்லையும் இல்லாத ஒரு காரண காரியத் தொடர்பையும் சேர்த்துவிடுகிறார்.

ஆண்டைச் சரிபாதியாக, ஆறு ஆறு மாதங்களாகப் பகுப்பது உரோமானியக் கவிஞர் ஓவிட் வடிவத்தில் வருவது. அவரது நூல்களுள்ளும் ஒன்றில் மாதுளை முத்துகள் ஏழு, மற்றொன்றில் மூன்று. ஆறு முத்து உண்டதால் ஆறு மாதம் என்னும் கணக்கு, துதியிலும் இல்லை, ஓவிடிடமும் இல்லை. ஒரு மொழிபெயர்ப்போ சுருக்கமோ எந்த மூலத்தைப் பின்பற்றியது என்பதை அறிய, முத்துகளின் எண்ணிக்கையும் மாதக் கணக்குமே எளிய அடையாளங்களாகும்.

3. மறைந்திருக்கும் பருவம் எது?

குளிர்காலமே மகள் இல்லாத காலம் என்னும் விளக்கம் வடஐரோப்பிய நிலத்திற்குப் பொருந்தும். அங்குக் குளிர்காலத்தில் நிலம் உறைகிறது. ஏதென்ஸையும் எலூசிஸையும் உள்ளடக்கிய அட்டிகா நிலத்தின் நிலை வேறு. அங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 400 மி.மீ.; அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்கிறது. முதல் மழைக்குப்பின் விதைக்கப்பட்ட தானியம் விரைவில் முளைத்துக் குளிர்காலம் முழுவதும் பசுமையாக நிற்கிறது. மே மாதத்தில் அறுவடை. அடுத்துக் களத்தில் போரடிப்பு. அதன்பின் ஏறத்தாழ நான்கு மாதங்கள், ஜூன் முதல் செப்டம்பர் வரை, வெயிலில் நிலம் காய்ந்து கிடக்கும். மகளைத் தானியமாகக் கொண்டால், குளிர்காலத்தில் அவள் மண்ணுக்கு மேலேதான் இருக்கிறாள்.

இதனை உணர்ந்த கார்ன்ஃபோர்டு, சுவீடன் நாட்டு அறிஞர் நில்சன் முதலியோர் வேறொரு விளக்கம் தந்தனர். அறுவடையான தானியத்தை நிலத்தடிக் குழிகளில் அடைத்து வைக்கும் கோடைக்காலமே மகள் கீழுலகில் இருக்கும் காலம். விதைப்பின்போது குழியைத் திறந்து விதைத்தானியத்தை வெளியே எடுப்பதே அவளது மீட்சி. நான்கு மாதக் கோடை, ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு என்னும் கணக்கோடும் ஒத்துவருகிறது. எலூசிஸின் பெருமறைச் சடங்குகள் செப்டம்பர் மாதத்தை ஒட்டி, விதைப்புக்கு முன் நடைபெற்றமையும் இதற்கு அரணாகக் காட்டப்படும்.

இவ்விளக்கத்திற்கும் ஒரு தடை உண்டு. துதி, மகள் இளவேனில் மலர்களோடு எழுகிறாள் என்கிறது. விதைப்புக் காலத்தில் எழுகிறாள் என்று கூறவில்லை. துதிக்கு விரிவுரை எழுதிய ரிச்சர்ட்சன் (1974), மொழிபெயர்த்து ஆராய்ந்த ஃபோலி (1994) ஆகியோரின் நூல்கள் இச்சிக்கல்களை விரித்துரைக்கின்றன. குளிர்கால விளக்கம் பயிர் நாட்காட்டியோடு முரண்படுகிறது. கோடை விளக்கம் பாடலின் சொற்களோடு முரண்படுகிறது. எனவே மொழிபெயர்ப்பாளர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து பாடலுக்குள் நுழைத்தல் கூடாது. மூலம் விட்ட இடைவெளியை அவ்வாறே விட்டு, விளக்கத்தை முன்னுரையில் தருவதே முறை.

ஆயினும் நில்சன் விளக்கம் மகாராட்டிர வாசகருக்குப் புதிதாகத் தோன்றாது. சோளம் முதலிய தானியங்களை மண்ணுள் தோண்டிய குழியில் அடைத்து, வாயை மூடி மண்பூசி வைக்கும் வழக்கம் தக்காணத்தில் இருந்தது. அக்குழிக்கு மராத்தியில் 'பேவ்' என்று பெயர். ஒன்று திடீரெனப் பெருந்தொகையாக வெளிப்படுவதைப் 'பேவ் உடைந்தது' என்னும் பொருளில் மராத்தியர் இன்றும் மரபுத்தொடராகக் கூறுவர். குழி வழக்கொழிந்த இடங்களிலும் சொல் எஞ்சியுள்ளது.

மூடிய குழியில் நிகழ்வது தொன்மத்தின் பார்வையை விளக்கப் பெரிதும் உதவும். தானியம் உயிருள்ள பொருள், அது மூச்சுவிடுகிறது. அடைபட்ட குழியிலுள்ள உயிர்வளியை அது மெல்ல மெல்லச் செலவழித்து, கரியமிலவாயுவை வெளியிடுகிறது. உயிர்வளி குறைந்ததும் பூச்சிகள் மடிகின்றன. தானியத்தின் மூச்சும் தணிந்து, அது கெடாமல் நிற்கிறது. சுவரை ஒட்டி ஈரம் கசியும் அடுக்கு மட்டும் பூசணம் பிடித்துக் கழிவாகும், நடுவிலுள்ளது பிழைக்கும். அதே வாயு, திறந்தவுடன் உள்ளே இறங்கும் மனிதனைக் கொல்லவும் வல்லது. ஆகவேதான் இத்தகைய குழிகளைத் திறந்து காற்றாட விடுவதும், விளக்கை இறக்கி அது அணைகிறதா என்று பார்த்தபின் இறங்குவதும் வழக்கமாயின. மனிதனுக்குச் சாவிடமாக இருப்பதே விதைக்குக் காப்பிடமாகிறது.

கிரேக்கர் ஹேடிஸை 'புளூட்டோன்' என்றும் வழங்கினர். செல்வத்தைக் குறிக்கும் 'புளூட்டோஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தானியச் செல்வமும் இறந்தோரும் ஒரே தலைவனின் பொறுப்பில் உள்ளன. தமிழில் 'புதை' என்னும் வினை பிணத்திற்கும் பொருளுக்கும் பொதுவாக நிற்பதும், அதிலிருந்தே 'புதையல்' என்னும் செல்வப் பெயர் பிறப்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. டிமீட்டர் விதையை 'மறைத்தாள்' என்னுமிடத்தில் 'அழித்தாள்' என்று எழுதினால் இத்தொடர்பு முழுவதும் அறுந்துவிடும். துதியில் விதை அழிவதில்லை, ஒளித்து வைக்கப்படுகிறது. தாயின் சினம் தணிந்ததும் வயல் விளைவது அதனால்தான்.

4. பருவப் பெயர்கள்

துதி கூறும் 'மூன்றில் ஒரு பங்கு' மராத்தியில் இயல்பாக அமரும். மராத்திப் பேச்சு வழக்கு ஆண்டை உன்ஹாளா, பாவ்ஸாளா, ஹிவாளா எனக் கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களாகப் பகுக்கிறது. ஒவ்வொன்றும் நான்கு மாதம். பழங்கிரேக்கரும் ஆண்டை மூன்று பருவங்களாகக் காண்பதுண்டு. எனவே மராத்தி வாசகர், மகள் ஒரு முழுப் பருவம் இல்லாமலிருக்கிறாள் என்று உடனே உணர்வர். தமிழிலோ பருவம் ஆறு, ஒவ்வொன்றும் இரு மாதம். மூன்றில் ஒரு பங்கு இரு பருவமாகிறது. ஆகவே தமிழில் 'ஒரு பருவம்' என்று எழுதாமல், 'ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு' என்று அளவையே எழுதுதல் வேண்டும்.

மகள் மீளும் பருவத்தை 'இளவேனில்' எனப் பெயர்ப்பது அகராதிப்படி சரி. ஆனால் தமிழ் மரபில் இளவேனில் சித்திரை, வைகாசி மாதங்கள். வெப்பம் ஏறும் காலம். வேனில் பாலைத்திணைக்கும் பிரிவுக்கும் உரியது. பிரிந்தவர் மீள்வதும் நிலம் தளிர்ப்பதும் முல்லைக்குரிய கார்காலத்தில். தாயும் மகளும் மீண்டும் சேரும் காட்சியை இளவேனிலில் வைக்கும்போது, சங்க மரபில் தோய்ந்த வாசகருக்கு உணர்வு மாறி ஒலிக்கும். 'கார்' என மாற்றினால் உணர்வு பொருந்தும்; ஆனால் கிரேக்க நிலத்தில் இல்லாத பருவமழை பாடலுக்குள் புகுந்துவிடும். இளவேனிலை வைத்துக்கொண்டு, மூலத்திலுள்ள மலர்களை விடாமல் மொழிபெயர்ப்பதே ஏற்புடையது. மலர்கள் தளிர்ப்பின் பொருளைத் தாமே சுமந்து நிற்கும்.

புனேயும் ஏதென்ஸும் பருவத்தில் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதும் நினைவிற்கொள்ள வேண்டியது. புனேயின் ஏறத்தாழ 700 மி.மீ. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. அந்நான்கு மாதங்களே அட்டிகாவின் வறட்சிக் காலம். நில்சன் விளக்கத்தின்படி கிரேக்க மகள் மண்ணுள் அடைபட்டிருக்கும் அதே மாதங்களின் முடிவில், மராத்திய மகள் பசுமையோடு தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

5. சிறையா, புகுந்த வீடா?

பெர்செபொனியைச் 'சிறைபட்ட மகள்' என்பது பொது வழக்கு. தமிழில் 'சிறை' என்றதும் அசோகவனம் நினைவுக்கு வரும். கவர்ந்தவனைப் போரில் வென்று மீட்கும் முடிவை மனம் எதிர்பார்க்கும். துதியில் போர் இல்லை. தந்தை இசைந்து, தாயைக் கேளாமல் நடந்த மணம் அது. வலிந்து கவர்தலும் மணமும் அதில் ஒன்றாகின்றன. பேச்சின் மூலம் எட்டப்படும் முடிவு, மகளின் ஆண்டை இரு வீடுகளுக்குப் பகிர்ந்தளிப்பதாகும். எனவே கவரும் காட்சியில் 'கவர்ந்தான்' என்னும் வினையையும், உடன்பாட்டிற்குப் பின் வரும் பகுதியில் வீட்டைக் குறிக்கும் சொற்களையும் ஆள்வது தக்கது.

மராத்தியில் மணமான பெண்ணின் பிறந்த வீடு 'மாஹேர்'. புகுந்த வீடு 'ஸாஸர்'. பிறந்த வீட்டிற்கு வந்து தங்கும் மகளுக்கு 'மாஹேர்வாஷீண்' என்று தனிப்பெயரே உண்டு. ஹேமா ராய்ர்கரும் கீ புவாத்வேனும் புனேயை மையமாகக் கொண்டு திரட்டிய, ஏறத்தாழ ஒரு லட்சம் எண்ணிக்கையிலான திரிகைப் பாடல்களில் இத்தாய் மகள் உறவு பெரும்பொருளாக அமைந்துள்ளது. தானியத்தை அரைத்துக்கொண்டே பெண்கள் அவற்றைப் பாடினர். தமிழிலும் பிறந்தகம், புக்ககம் என்னும் இணைச்சொற்கள் உள்ளன. 'புக்ககம்' என்பதில் 'புகுதல்' இருப்பதால், நிலம் பிளந்து மகள் உட்புகும் காட்சியோடும் அது பொருந்துகிறது.

பெர்செபொனியின் மற்றொரு பெயரான 'கோரி' என்பதற்கும் தமிழில் தக்க சொல் உண்டு. அக்கிரேக்கச் சொல் பெண், மகள் என்பவற்றோடு கண்மணியையும் குறிக்கும். தமிழில் 'பாவை' பெண்ணையும் பொம்மையையும் கண்ணின் கருமணியையும் குறிக்கிறது. மாதுளையைப் பொறுத்தவரை 'விதை'யைவிட 'முத்து' சிறந்தது. உண்ணும் மாதுளையை முத்து என்றே வழங்குகிறோம். புளியமுத்து, வேப்பமுத்து என்பவற்றில் அது முளைக்கும் விதையாகவும் நிற்கிறது. உண்பதும் முளைப்பதும் ஒரே பொருள் என்னும் கதையின் குறிப்பு அச்சொல்லில் கெடாமல் நிற்கும்.

கீழுலகு பற்றிய ஒரு வேறுபாட்டையும் இங்குச் சுட்ட வேண்டும். உழுசாலில் கிடைத்தவளும், உழுசாலையே பெயராகக் கொண்டவளுமான சீதை, இறுதியில் நிலம் பிளக்க அதனுள் மறைகிறாள். அவளை ஏற்பவள் பூமித்தாய். கிரேக்க மகளுக்கு மண்ணின் உட்புறம் புக்ககம். சீதைக்கு அது பிறந்தகம். நிலம் பிளத்தல் என்னும் ஒரே காட்சி, ஒன்றில் தாயிடமிருந்து பிரிப்பதாகவும் மற்றொன்றில் தாயிடம் சேர்ப்பதாகவும் அமைகிறது. சீதையின் சொற்களைக் கொண்டு பெர்செபொனியை மொழிபெயர்த்தால் திசையே தலைகீழாகிவிடும்.

6. வளர்ச்சியும் தேய்வும்

இனிக் கௌரியிடம் மீள்வோம். மகாராட்டிரத்தில் சில குடும்பங்களில் கௌரிக்கு முகமும் ஆடையும் அமைப்பர். சில குடும்பங்களில் 'தேரடா' எனப்படும் காசித்தும்பைச் செடிகளை வேரோடு கொண்டுவந்து அவற்றையே கௌரியாகப் போற்றுவர். அவ்வேர்களே அவளது பாதங்கள். 'தேரடாவின் நிறம் மூன்று நாள்' என்பது மராத்திப் பழமொழி. கௌரி தங்குவதும் மூன்று நாள். வேரோடு பறித்த செடி வாடத் தொடங்கும்போது மகளும் விடைபெறுகிறாள்.

இங்குத் தேய்வு எவருடைய குற்றத்தின் விளைவும் அன்று, விருந்தின் காலவெல்லை. மகளின் கணவன் வில்லன் அல்லன். தாய் நிலத்தைத் தண்டிப்பதும் இல்லை. கிரேக்கத் துதியிலோ வளர்ச்சி ஓர் உரிமை வழக்கின் பொருளாகிறது. விளைவை நிறுத்தும் ஆற்றலைத் தாய் தன் வாதமாகப் பயன்படுத்தி, மகளின் இரு பங்கு காலத்தை மீட்கிறாள். ஒரு பங்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. அந்த இழப்பு மீட்கப்படாமல் ஆண்டுதோறும் திரும்ப வரும்.

ஆயினும் அடிப்படைப் பார்வையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வளர்ச்சியும் தேய்வும் ஒன்றையொன்று வெல்லும் இரு பகைவர் அல்ல. ஒரே மகள் மாறி மாறி வாழும் இரு வீடுகள். மறைந்தது இறந்ததாகாது, மீண்டது என்றும் நிலைப்பதாகாது. எலூசிஸில் நெருப்பில் வைத்து இறவாமை அளிக்க முயன்ற குழந்தையின் கிளைக்கதை துதியில் இடம்பெறுவதன் பொருளும் இதனால் விளங்கும். தேய்வே இல்லாத வாழ்வு அங்கு முயன்று கைவிடப்படுகிறது. அதன் இடத்தில், சென்று சென்று மீளும் வாழ்வு ஏற்கப்படுகிறது.

7. முடிவுரை

டிமீட்டர் துதியை 'குளிர்காலம் சாவு, வசந்தம் உயிர்ப்பு' என்று இரு சொற்களில் அடக்குவது, வடஐரோப்பிய நிலத்தின் அனுபவத்தை மத்தியதரைக் கடல்நிலத்தின் மேல் ஏற்றுவதாகும். அதனை அப்படியே தமிழாக்குவது, நமக்குரியதல்லாத பருவத்தை மூன்றாம் கையிலிருந்து பெறுவதாகும். மூலம் பெயர் கூறாத பருவத்திற்குப் பெயர் சூட்டாமை, 'மறைத்தல்' என்னும் வினையை 'அழித்தல்' ஆக்காமை, 'சிறை'க்குப் பதிலாக வீட்டைக் குறிக்கும் சொற்களை ஆளுதல், முத்தின் எண்ணிக்கையையும் பங்கின் அளவையும் எடுத்துக்கொண்ட மூலத்தின்படியே தருதல் ஆகிய நான்கும் கடைப்பிடிக்கப்படின், தொன்மத்தின் பார்வை தமிழில் சிதையாது நிற்கும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு இதில் வழிகாட்ட வல்லவை ஐரோப்பியச் சுருக்கங்களைவிடத் தக்காணத்தின் பேவும், மூன்று நாள் தங்கிச் செல்லும் கௌரியுமே எனலாம்.